தவறு உங்கள் விரலில் இல்லை: பீட்டா ஆடித் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

விளக்கேந்திய சிறுமி பள்ளம் தாவி ஓடும் நம் ஆட்டத்தின் மூடிய பீட்டாவில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில், ஆறு வாரம் எங்களோடு இருந்த முப்பத்தோரு பேருக்கும் வணக்கம்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததும் நீங்கள் அனுப்பிய குறிப்புகளை முதலிலிருந்து மறுபடி படித்தேன். ஒரு வாக்கியம் வெவ்வேறு கைகளில் வெவ்வேறு விதமாகத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ‘எனக்கு இந்த வகை ஆட்டம் பழக்கமில்லை, அதனால்தான் விழுகிறேன் போலிருக்கிறது.’ ‘என் விரல் மெதுவோ என்னவோ.’ ‘கீபோர்டு பழசு, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.’ ஒன்பது பேர் இப்படி எழுதியிருந்தீர்கள். அந்த ஒன்பது பேருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் விரல் சரியாகத்தான் அழுத்தியது. அழுத்தியதைக் கேட்காமல் விட்டது எங்கள் ஆட்டம். அதை நாங்கள் கண்டுபிடித்த கதைதான் இந்த மடலில் பெரும்பகுதி. நீங்கள் எழுதிய எந்த வரி எந்த மாற்றமாக ஆனது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் வாரத்தில் வந்த குறிப்புகளில் மிகச் சிறியது மூன்றே வரி. ‘முதல் பள்ளத்தையே தாண்ட முடியவில்லை. பட்டனை அழுத்தினால் சில சமயம் தாவுகிறாள், பல சமயம் தாவவில்லை. இதற்கு மேல் ஆட முடியாது.’ அவ்வளவுதான். அதே நாளில் இன்னொருவர், ‘தாவுவது அருமையாக இருக்கிறது, கைக்கு அடக்கமாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த நான், முதலாமவர் அவசரப்பட்டு ஆடியிருப்பார் என்று முடிவுகட்டினேன். அப்படி முடிவுகட்டியதற்கு அவரிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இங்கும் கேட்கிறேன்.

நாங்கள் அனுப்பிய கேள்வித்தாளும் கண்ணை மறைத்தது. ‘தாவுதல் எப்படி இருந்தது? 1 முதல் 5 வரை மதிப்பெண் தருக’ என்று கேட்டிருந்தோம். சராசரி 3.4 வந்தது. பரவாயில்லை, கொஞ்சம் மெருகேற்றினால் போதும் என்று தோன்றவைக்கிற எண். பள்ளங்கள் அகலமாக இருக்கின்றன என்று பலர் சொன்னதால் முதல் இரண்டு நிலைகளில் மூன்று பள்ளங்களை நான்கு கட்டத்திலிருந்து மூன்று கட்டமாகக் குறுக்கினேன். அதற்கேற்ப மேடைகளை நகர்த்தி, ஓவியங்களைத் திருத்தி, ஒரு வாரம் போனது. ஆட்டத்தின் திருத்திய வடிவம், புதிய பில்ட், போனதும் ‘கைக்கு அடக்கம்’ என்று சொன்னவர், முதல் நிலை இப்போது சப்பென்று இருக்கிறது என்றார். முடியவில்லை என்று சொன்னவருக்கு இப்போதும் முடியவில்லை. ஒரே மாற்றம் ஒருவருக்கு ஆட்டத்தைக் கெடுத்தது, இன்னொருவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்றால், மருந்து நோயைத் தொடவே இல்லை என்று பொருள். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓவியம் வரையும் என் தோழிதான் அந்த மதிப்பெண்களை வேறு விதமாக அடுக்கிப் பார்த்தாள்.

“சராசரியை விடு. மூன்று போட்டவர் யாராவது இருக்கிறார்களா பார்” என்றாள்.

அநேகமாக யாருமே இல்லை. நான்கும் ஐந்தும் ஒரு பக்கம், ஒன்றும் இரண்டும் மறுபக்கம். நடுவில் வெற்றிடம். ஒருவரின் ரசனைக்கும் இன்னொருவரின் ரசனைக்கும் உள்ள வேறுபாடு இப்படிப் பிளவுபட்டு நிற்காது, பரவித்தான் கிடக்கும். இரண்டு கூட்டமாகப் பிரிந்தால், அந்த இரண்டு கூட்டத்தார் கையில் இருப்பது இரண்டு வேறு ஆட்டங்களாக இருக்க வேண்டும். அவர்கள் கணினிகளில் என்ன வேறுபாடு என்று தேடினோம். நீங்கள் சேரும்போது எழுதிக் கொடுத்த கணினி விவரங்களை மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்தோம். விடை தலைகீழாக இருந்தது. பழைய, மெதுவான லேப்டாப் வைத்திருந்தவர்களெல்லாம் நான்கும் ஐந்தும் கொடுத்திருந்தார்கள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் 144 ஹெர்ட்ஸ் திரையும் வைத்திருந்தவர்கள் ஒன்று கொடுத்திருந்தார்கள். அந்த மூன்று வரிக்காரரின் கணினி எல்லோருடையதையும் விட வேகமானது.

காரணம் இதுதான். நாங்கள் ஆட்டத்தைக் கட்டியிருப்பது யூனிட்டி என்ற ஆட்ட உருவாக்க மென்பொருளில். அதில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று படம் வரையும் கடிகாரம், `Update` என்பது அதன் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் வரையும் ஒவ்வொரு படத்துக்கும், ஒருமுறை ஓடும். கணினி எவ்வளவு வேகமோ அவ்வளவு ஃபிரேம். மற்றொன்று இயற்பியல் கடிகாரம், `FixedUpdate`. நாம் மாற்றாவிட்டால் அது 0.02 நொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 50 முறை துடிக்கும். கணினி வேகமோ மெதுவோ அந்த ஐம்பது மாறாது. ‘தாவு பட்டன் இப்போதுதான் அழுத்தப்பட்டது’ என்ற செய்தி ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் உயிரோடு இருக்கும். நான் அந்தச் செய்தியைக் கேட்கும் வரியை இயற்பியல் பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

நொடிக்கு 40 ஃபிரேம் ஓடும் கணினியில் ஒவ்வொரு ஃபிரேமும் 25 மில்லி நொடி நீளம். அதற்குள் இயற்பியல் கடிகாரம் ஒருமுறையாவது துடித்தே தீரும். செய்தி தவறாது. 144 ஃபிரேம் ஓடும் கணினியிலோ ஒரு ஃபிரேம் சுமார் 7 மில்லி நொடிதான். இரண்டு துடிப்புக்கு இடையே இரண்டு மூன்று ஃபிரேம்கள் கடந்துவிடும். துடிப்பு விழாத ஃபிரேமில் நீங்கள் அழுத்தினால், அந்த அழுத்தத்தை யாருமே பார்க்காமல் அது மறைந்துபோகும். கணக்குப் போட்டால் 144-க்கு 50 தான் தேறுகிறது, மூன்று அழுத்தத்தில் ஏறக்குறைய இரண்டு வீண். 60 ஃபிரேமில் ஆறுக்கு ஒன்று வீண். ஆறில் ஒன்று என்பது கொடுமையான விகிதம். பட்டன் வேலை செய்யவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குக் குறைவு, கை தடுமாறுகிறதோ என்று மனிதரைச் சந்தேகப்பட வைக்கும் அளவுக்கு அதிகம். ‘என் விரல் மெதுவோ’ என்று எழுதிய ஒன்பது பேரில் எட்டுப் பேர் 60 ஃபிரேம் கணினிக்காரர்கள்.

என் லேப்டாப்பில் எடிட்டரைத் திறந்து வைத்து ஆடும்போது 40 ஃபிரேமைத் தாண்டுவதில்லை. இரண்டு ஆண்டு அதிலேயே ஆடினேன், ஒரு தாவலும் தவறவில்லை. நீங்கள் இல்லாவிட்டால் இது வெளியீட்டு நாளன்றுதான் தெரிந்திருக்கும்.

இருந்தாலும் கணக்கு பொருந்துகிறது என்பதற்காக உடனே கைவைக்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை பள்ளத்தைக் குறுக்கிச் சூடுபட்டிருந்தேன். இரண்டு கடிகாரங்களின் பக்கமும் ஓர் எண்ணியை வைத்து, அது `Player.log` கோப்பில் எழுதும்படி ஒரு தனி பில்ட் செய்து உங்களில் மூவருக்கு அனுப்பினேன். நின்ற இடத்திலேயே நிதானமாக இருபது முறை தாவச் சொன்னேன். 144 ஹெர்ட்ஸ் திரைக்காரருக்கு இருபதில் ஏழு பதிவாகியிருந்தது. 60 ஹெர்ட்ஸ்காரருக்குப் பதினேழு. பழைய லேப்டாப்காரருக்கு இருபதுக்கு இருபது. அந்த மூன்று கோப்புகளும் வந்த இரவு நானும் தோழியும் வெகுநேரம் தூங்கவில்லை. பிழை கண்ணெதிரே எண்ணாக நிற்கும்போது வரும் நிம்மதியே தனி.

திருத்தம் சிறியது. பட்டனைக் கேட்கும் வேலையை வரையும் கடிகாரத்திடம் கொடுத்து, கேட்ட செய்தியைச் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கச் செய்தோம். குறுக்கிய மூன்று பள்ளங்களையும் பழையபடி நான்கு கட்டமாக்கினோம். அதன்பின் முதல் நிலையைப் பற்றி முறையீடே வரவில்லை. எனக்கு இன்னொன்றும் வியப்பாக இருந்தது. முதல் இரு வாரத்தில் பதினொரு பேர் ‘காற்றில் இரண்டாம் முறை தாவும் வசதி வேண்டும்’ என்று கேட்டிருந்தீர்கள். திருத்திய பில்டுக்குப் பிறகு அதைக் கேட்டவர் இருவர்தான். முதல் தாவல் நம்பும்படி இல்லாததால் ஒரு மாற்று ஏற்பாடாகத்தான் பலர் இரண்டாம் தாவலைக் கேட்டிருக்கிறீர்கள் என்று இப்போது புரிகிறது. கேட்ட அன்றே அதைச் சேர்த்திருந்தால் பிழையின் மேல் ஒரு மெத்தையை விரித்து மூடியிருப்போம்.

இங்கே கதை முடியவில்லை. நான்கைந்து பேர், ‘இப்போது நன்றாகத் தாவுகிறாள், ஆனால் விளிம்பில் மட்டும் ஏமாற்றுகிறாள்’ என்றீர்கள். அவர்களில் ஒருவர் திரையைப் பதிவு செய்து காணொலியே அனுப்பிவிட்டார். கூடவே விசை அழுத்தத்தைத் திரை மூலையில் காட்டும் சின்னப் பெட்டியும் இருந்தது. அதை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டினேன். விளக்கேந்திய சிறுமி மேடையின் ஓரத்துக்கு ஓடி வருகிறாள். பாதத்தின் முனை இன்னும் கல்லின் மேல்தான் இருக்கிறது. பெட்டி ஒளிர்கிறது, அதாவது அழுத்திவிட்டார். ஆனால் அவள் தாவாமல் அப்படியே சரிந்து விழுகிறாள். பார்ப்பவர் யாராக இருந்தாலும் இது அநியாயம் என்றுதான் சொல்வார்.

ஆட்டத்துக்குள் சிறுமி என்பவள் ஓர் ஓவியமும், அவள் எதைத் தொடுகிறாள் என்று கணக்கிடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மோதல் பெட்டியும். சுவரிலும் கூரையிலும் இடிபட்டுக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகப் பெட்டியை ஓவியத்தை விட ஒடுக்கமாக வைத்திருந்தோம். அதனால் கண்ணுக்குப் பாதம் கல்லின் மேல் இருக்கும்போதே பெட்டி கல்லை விட்டு நகர்ந்திருக்கும். ஆட்டத்தின் கணக்கில் அவள் காற்றில் இருக்கிறாள், காற்றில் தாவ முடியாது. அந்தக் காணொலியில் மோதல் பெட்டி விலகி மூன்றாவது ஃபிரேமில், அதாவது 50 மில்லி நொடி கழித்துத்தான் அழுத்தம் வந்திருந்தது.

இதற்கு ஆட்டக்காரர்கள் உலகில் கயோட்டி டைம் என்று பெயர் உண்டு. பழைய கேலிச்சித்திரப் படங்களில் பாறை முடிந்த பிறகும் காற்றில் ஓடிக்கொண்டே இருக்கும் கயோட்டி ஓநாயை வைத்து வந்த பெயர். தரையை விட்ட பிறகும் சிறிது நேரம் தாவ அனுமதிப்பதுதான் அது. எனக்கு இது முன்பே தெரியும். ஆனால் கடினமான ஆட்டத்தில் அது சலுகை என்று எண்ணிச் சேர்க்காமல் விட்டிருந்தேன். காணொலியைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. கண் பார்ப்பதற்கும் கணக்குச் சொல்வதற்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்புவது சலுகை ஆகாது.

எவ்வளவு நேரம் என்பதை உங்களோடு சேர்ந்துதான் முடிவு செய்தோம். முதலில் 0.2 நொடி வைத்தோம். ‘காற்றில் நடக்கிறாள்’ என்று அன்றே இருவர் எழுதினீர்கள். அவள் நொடிக்கு ஏழு கட்டம் ஓடுகிறாள், 0.2 நொடி என்றால் ஒன்றரைக் கட்டத்துக்குச் சற்றுக் குறைவு. கண்ணுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? 0.05 வைத்தபோது பழைய முறையீடு திரும்பி வந்தது. 0.1-ல் இரு பக்கமும் அமைதியானது. முக்கால் கட்டத்துக்கும் குறைவான தூரம், பாதத்தின் அகலத்துக்குள் மறைந்துவிடுகிறது. கூடவே, தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்தியவர்களின் அழுத்தத்தையும் 0.12 நொடி நினைவில் வைத்து, தொட்டவுடன் தாவச் செய்தோம். உங்களில் சிலரும் ஆட்டம் செய்பவர்கள் என்பதால் இறுதி வடிவத்தை அப்படியே தருகிறேன்:

```csharp
void Update() {
    if (Input.GetButtonDown("Jump")) buffer = 0.12f;
    else buffer -= Time.deltaTime;
}

void FixedUpdate() {
    bool standing = grounded && velocityY <= 0.01f;
    coyote = standing ? 0.1f : coyote - Time.fixedDeltaTime;
    if (buffer > 0f && coyote > 0f) {
        Jump();
        buffer = 0f;
        coyote = 0f;
    }
}
```

இதில் `standing` என்ற வரி உங்களில் ஒருவருடைய கொடை. முதலில் நான் `grounded` என்று மட்டுமே வைத்திருந்தேன். ‘பட்டனை வேகமாக இரண்டு முறை தட்டினால் வழக்கத்தை விட உயரமாகப் போகிறாள், மூன்றாம் நிலைச் சாவியை இப்படியே எடுத்துவிட்டேன்’ என்று அவர் எழுதினார். தாவிய அடுத்த ஓரிரு துடிப்புகளில் காலடிச் சோதனை இன்னும் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால் சலுகை நேரம் மறுபடி நிரம்பி, இரண்டாம் தட்டலுக்கும் தாவல் கிடைத்துவிட்டது. மேல்நோக்கிப் போகும்போது நிற்பதாகக் கருதாதே என்ற நிபந்தனை சேர்ந்ததும் சரியானது. மேலே போகும் மேடைகள் உள்ள ஆட்டமாக இருந்தால் இந்த நிபந்தனை மட்டும் போதாது, மேடையின் வேகத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். நம் ஆட்டத்தில் மேடைகள் பக்கவாட்டில் மட்டுமே நகர்வதால் தப்பித்தோம்.

இனி, எதுவும் எழுதாதவர்களைப் பற்றி. முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் தொடர்ந்து எழுதினீர்கள். மற்றவர்கள் பிடிக்காமல் விலகிவிட்டார்கள் என்றே நினைத்திருந்தோம். ஆனால் சேமிப்புக் கோப்புகளைப் பார்த்தால், பேசாமல் போனவர்களில் நான்கு பேர் நான்காம் நிலையில், அதே கதவுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். நீளமான கேள்வித்தாளை விட்டுவிட்டு அவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினோம்: கடைசியாக ஆட்டத்தை மூடியபோது திரையில் என்ன இருந்தது? இருவர் பதில் தந்தீர்கள். ஒருவர் எழுதியது: ‘ஒரே மாதிரி இரண்டு நெம்புகோல்கள். எதை இழுத்தாலும் தவறு என்கிறது.’

அவை ஒரே மாதிரி இல்லை. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மங்கிய பழுப்பாகத் தெரியும் என்பது அடுத்த மடலில் தெரிந்தது. அந்தப் புதிருக்கு நிறம் ஒன்றே துப்பு. அவருக்கு நாங்கள் வைத்தது விடையே இல்லாத புதிர். தோழி அன்றே நெம்புகோல்களின் தலையில் முக்கோணமும் வட்டமும் வரைந்தாள், கதவுகளிலும் அதே உருவங்கள் வந்தன. நிறக்குறைபாட்டைப் போலிசெய்து காட்டும் வடிகட்டி போட்டுப் பார்த்தோம், தெளிவாக இருந்தது. அவருக்கு அனுப்பினோம். ‘சிறிய ஜன்னலில் ஆடுகிறேன், இரண்டும் புள்ளியாகத்தான் தெரிகின்றன’ என்றார். உருவங்களை இருமடங்காக்கி, வட்டத்தின் நடுவைத் துளையாக்கினோம். மூன்றாம் நாள் அவர் எட்டாம் நிலையிலிருந்து எழுதினார். அந்த மடலைத் தோழி அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறாள்.

சிறிய மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். பில்ட் எண் இப்போது எல்லாத் திரையிலும் கீழ் மூலையில் இருக்கிறது. எந்தப் பில்டில் நடந்தது என்று தெரியாமல் முதல் வாரம் நீங்கள் எழுதிய நல்ல குறிப்புகள் சிலவற்றை எங்களால் பயன்படுத்த முடியாமல் போனது, அந்தக் குறை எங்களுடையது. ஆறாம் நிலையில் நீரோடைக்குப் பிறகு ஒரு சேமிப்பு விளக்கு வந்துவிட்டது.

கேட்டும் மாற்றாதவை இரண்டு. இரண்டாம் தாவல் வராது. நிலைகள் எல்லாம் ஒரே தாவலின் உயரத்தை அளவுகோலாக வைத்துக் கட்டப்பட்டவை, அதைச் சேர்த்தால் பாதிச் சுவர்களுக்கு வேலையில்லாமல் போகும். விளக்கு அணையும் நேரத்தை நீட்டச் சொன்னதையும் ஏற்கவில்லை. இருட்டு நெருங்கும் அந்தப் பதற்றம்தான் இந்த ஆட்டம். ஆனால் அது ஒத்துவராதவர்களுக்காக நேரத்தை நிறுத்தி வைக்கும் தேர்வு ஒன்றை அமைப்புகளில் வைத்திருக்கிறோம்.

இன்னும் தீராத ஒன்று உண்டு. கன்ட்ரோலர் கைப்பிடியைப் பாதியில் பிடுங்கி மறுபடி செருகினால் சிறுமி சில சமயம் இடப்பக்கமே ஓடிக்கொண்டிருக்கிறாள். மூவர் எழுதியிருக்கிறீர்கள், என்னால் என் மேசையில் ஒருமுறைகூட வரவழைக்க முடியவில்லை. அடுத்த பில்டில் கைப்பிடி துண்டிக்கப்படும் நொடியையும் அப்போது கிடைத்த கடைசித் திசை அச்சு மதிப்பையும் `Player.log` பதிவு செய்யும். அந்த மூவரும் நடந்த உடனே, ஆட்டத்தை மறுபடி திறப்பதற்கு முன்பே அந்தக் கோப்பை அனுப்பினால் பெரிய உதவி. மறுபடி திறந்தால் பழைய பதிவு `Player-prev.log` என்று பெயர் மாறும், அதற்கு அடுத்த முறை திறந்தால் அழிந்துவிடும்.

முடிவுத் திரையில் உங்கள் எல்லோருடைய பெயரும் வருகிறது, எழுதாதவர்களுடையதும். எந்தப் பெயரில், எந்த எழுத்துக்கூட்டலில் வர வேண்டும் என்று மட்டும் ஒரு வரி அனுப்புங்கள். முதல் வாரம் மூன்று வரி எழுதியவர் இன்னும் சொல்லவில்லை. உங்கள் இடத்தை முதல் வரியில் காலியாக வைத்திருக்கிறோம்.